பழைய எஸ்எம்பிஎஸ் புதிய கிராபிக்ஸ் கார்டைத் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கணினி. ஐ5-12400எஃப் பிராசசர், 450 வாட் எஸ்எம்பிஎஸ். இதில் ஆர்டிஎக்ஸ் 3060 போடலாமா?

450 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே 450 வாட் என்று எழுதப்பட்ட இரண்டு எஸ்எம்பிஎஸ்களில் ஒன்று இந்தக் கார்டைச் சிரமமின்றித் தாங்கும். மற்றொன்று விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் கணினியை அணைத்துவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெட்டியின் மேல் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் உடலில் ஒட்டப்பட்டிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதிலும், அதிலிருந்து வெளியே வரும் கேபிள்களிலும்தான் அது இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதே கணினியையும் இதே கார்டையும் உதாரணமாக வைத்தே செல்கின்றன; உங்கள் பாகங்களின் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

லேபிளில் ஏகப்பட்ட எண்கள் இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும்?

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் லேபிள் பெரும்பாலும் கண்ணில் படும். சில கேபினெட்களில் அது மறுபக்கத்தில் இருக்கும். அப்போது பின்புறத்து நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸைச் சற்றே வெளியே இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். லேபிளில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆம்பியர் எண் இருக்கும். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் தமக்கு வேண்டிய மின்சாரத்தை ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே 12 வோல்ட்டின் ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் வரும் வாட்தான் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் அளவு. மற்ற இரண்டு கட்டங்களில் எவ்வளவு தாராளமாக எழுதியிருந்தாலும் அது கார்டுக்குப் பயன்படாது.

நம் உதாரணக் கணினிக்கு இரண்டு லேபிள்களை எடுத்துக்கொள்வோம். முதல் லேபிளில் 12 வோல்ட் ஒரே கட்டமாக, 37 ஆம்பியர் என்று இருக்கிறது. 37 பெருக்கல் 12 என்றால் 444 வாட். அதாவது 450 வாட்டும் ஏறக்குறைய முழுதாக 12 வோல்ட்டில் கிடைக்கிறது. இரண்டாவது லேபிளில் 12 வோல்ட் இரண்டு கட்டங்களாகப் பிரிந்து, ஒன்றில் 13 ஆம்பியர், மற்றொன்றில் 14 ஆம்பியர் என்று இருக்கிறது. இரண்டையும் கூட்டி 27 ஆம்பியர், 324 வாட் என்று கணக்குப் போடுவது பலரும் செய்வது. ஆனால் அப்படிச் செய்யக் கூடாது. அந்தக் கட்டங்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 300 வாட் என்று தனியே ஒரு வரி இருக்கும். கணக்குக்கு எடுக்க வேண்டியது அந்த 300-தான். மீதி 150 வாட் கிட்டத்தட்ட முழுவதும் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் கிடக்கிறது. பழைய காலத்துக் கணினிகளில் அவற்றுக்கு வேலை இருந்தது. இன்றைய கணினியில் அவற்றின் பெரும்பகுதி சும்மா இருக்கும்.

12 வோல்ட் கட்டத்தில் ஆம்பியரே எழுதப்படாமலோ, எழுதப்பட்ட ஆம்பியர்கள் மொத்த வாட்டோடு எந்த வகையிலும் பொருந்தாமலோ இருந்தால், அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கிராபிக்ஸ் கார்டோடு இணைக்க வேண்டாம். லேபிளிலேயே கணக்கு உதைக்கும் ஒரு பொருள் உள்ளே ஒழுங்காக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, என் கணினிக்கு எவ்வளவு வாட் தேவை என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மூன்று எண்கள் போதும். முதலாவது கார்டின் மின்தேவை. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு என்விடியா தரும் எண் 170 வாட். இரண்டாவது பிராசசர் உச்சத்தில் எடுக்கும் அளவு. இங்கேதான் பலர் தவறான எண்ணை எடுக்கிறார்கள். ஐ5-12400எஃப்-ஐ 65 வாட் பிராசசர் என்று கடையில் சொல்வார்கள். அது அடிப்படை அளவு மட்டுமே. டர்போ வேகத்தில் அதிகபட்சம் 117 வாட் என்று இன்டெல்லே தன் விவரப் பக்கத்தில் குறிப்பிடுகிறது. ஏஎம்டி பிராசசர்களிலும் இதே வேறுபாடு உண்டு. ரைசன் 5 5600-இன் பெயரோடு வரும் எண் 65 வாட், அது உண்மையில் எடுக்க அனுமதிக்கப்பட்ட உச்சம் 76 வாட். மூன்றாவது, மதர்போர்டு, மெமரி, எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், விசிறிகள் ஆகியவை 12 வோல்ட்டிலிருந்து எடுப்பது. இதற்குச் சாதாரணக் கணினியில் 30 வாட் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

மூன்றையும் கூட்டினால் 317 வாட். இது கார்டும் பிராசசரும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக ஓடும் நிலை. வீடியோ ரெண்டரிங் போன்ற வேலைகளில் இது நேரும். விளையாடும்போது இந்தப் பிராசசர் பெரும்பாலும் 65 வாட் அளவில் நின்றுவிடும் என்பதால் தேவை 265 வாட்டாகக் குறையும்.

இப்போது இரண்டு லேபிள்களோடும் ஒப்பிடுங்கள். 444 வாட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 317 வாட் என்பது அதன் திறனில் 71 சதவீதம். தாராளமாகப் போடலாம். 300 வாட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 317 என்பது எல்லையைத் தாண்டிய சுமை. விளையாட்டின் 265 வாட்டே 88 சதவீதம் ஆகிறது. இந்த இரண்டாவது நிலைதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. கணினி உயிர் பெறும், விண்டோஸ் வரும், யூடியூப் ஓடும், ஒரு மணி நேரம் விளையாடவும் முடியும். எனவே எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு எடுக்கும் மின்சாரம் ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. 170 வாட் என்பது சராசரி. காட்சி மாறும் கணத்தில், ஒரு சில மில்லி நொடிகளுக்கு, கார்டு அதைவிடப் பல பத்து வாட் கூடுதலாக இழுக்கும். மென்பொருள் காட்டும் எண்களில் இந்தக் குத்துகள் தெரியவே தெரியாது, ஏனெனில் அது நொடிக்கு ஒருமுறைதான் படிக்கிறது. எஸ்எம்பிஎஸ் மட்டும் அவற்றை ஒவ்வொரு முறையும் சுமந்தாக வேண்டும். அதனால்தான் மொத்தத் தேவை 12 வோல்ட் திறனில் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். தரமான, புதிய எஸ்எம்பிஎஸ் என்றால் 80 வரை போகலாம்.

என்விடியா 550 வாட் வேண்டும் என்று போட்டிருக்கிறதே. 444 வாட் போதும் என்பது சரியா?

அந்த 550 வாட் உங்கள் கணினியைப் பார்த்துச் சொல்லப்பட்டது அல்ல. வாங்குபவரிடம் எந்தப் பிராசசர் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் பகுதி எவ்வளவு, அது எத்தனை ஆண்டு பழையது என்பது எதுவும் கார்டு நிறுவனத்துக்குத் தெரியாது. ஆகவே மின்சாரத்தை அதிகம் உறிஞ்சும் பிராசசரும் சுமாரான எஸ்எம்பிஎஸ்ஸும் இருந்தாலும் தப்பித்துக்கொள்ளும்படி ஓர் எண்ணைத் தருகிறார்கள். 115 வாட் மட்டுமே எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் அதே 550 வாட் பரிந்துரைதான் இருக்கிறது என்பதைப் பார்த்தால் அந்த எண் எவ்வளவு பொதுவானது என்று புரியும்.

லேபிளைப் படிக்கத் தெரியாதவர் அந்தப் பரிந்துரையைப் பின்பற்றுவது நல்லது. லேபிளைப் படித்துக் கணக்குப் போட்டவர் தன் கணக்கை நம்பலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயரில் வரும் கார்டுகளில், கூடுதல் வேகத்தில் ஓடும்படி தயாரிப்பாளரே மாற்றிய மாடல்கள் உண்டு. அவை என்விடியா சொல்லும் அளவைவிட அதிகமாக எடுக்கலாம். வாங்கப்போகும் அதே மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து எண்ணைச் சரிபார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கார்டில் எட்டுப் பின் கனெக்டர் இருக்கிறது. என் எஸ்எம்பிஎஸ்ஸிலும் எட்டுப் பின் வயர் ஒன்று சும்மா தொங்குகிறது. அதைச் சொருகலாமா?

சொருகும் முன் அது எந்த எட்டுப் பின் என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு வகை எட்டுப் பின் கேபிள்கள் வருகின்றன. ஒன்று மதர்போர்டின் மேல்மூலையில் பிராசசருக்காகச் சொருகப்படுவது. அது பெரும்பாலும் நான்கும் நான்குமாகப் பிரியும், அதன் மேல் சிபியு என்று பொறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று கிராபிக்ஸ் கார்டுக்கானது. அது ஆறும் இரண்டுமாகப் பிரியும், பிசிஐ-இ என்றோ விஜிஏ என்றோ பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேர் எதிரெதிர் வரிசைகளில் இருக்கின்றன. மஞ்சள், கறுப்பு வயர்கள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பூட்டுக் கொக்கி இருக்கும் பக்கத்தில் மஞ்சள் வயர்கள் வந்தால் அது பிராசசருக்கானது. அந்தப் பக்கத்தில் கறுப்பு வயர்கள் வந்தால் அது கார்டுக்கானது. பின்களின் வடிவமும் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றில் சுலபமாக இறங்காது. பலத்தைக் காட்டி அழுத்தினால் சில நேரம் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் நேராக ஷார்ட் சர்க்யூட்தான். கை நோக அழுத்த வேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள். சரியான கனெக்டர் லேசான அழுத்தத்தில் போய், கொக்கி டக்கென்று பூட்டிக்கொள்ளும்.

எவ்வளவு மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். ஆறு பின் கனெக்டர் 75 வாட்டும் எட்டுப் பின் கனெக்டர் 150 வாட்டும் தர வகுக்கப்பட்டவை. ஓர் எட்டுப் பின் மட்டும் உள்ள கார்டு ஆக மொத்தம் 225 வாட்டுக்குள் அடங்கிவிடும். 170 வாட் கார்டுக்கு அது போதும். இரண்டு எட்டுப் பின்கள் கேட்கும் கார்டு என்றால், ஒரே கேபிளின் நுனியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கனெக்டர்களைச் சொருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியே வரும் இரண்டு கேபிள்களைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு கனெக்டர்களின் மின்சாரமும் ஒரே கேபிளின் வயர்களில் ஓடும்.

என் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான கேபிளே இல்லை. சாட்டாவிலிருந்து எட்டுப் பின்னாக மாற்றும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. அது போதாதா?

அதை வாங்க வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று மெல்லிய பின்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். இன்றைய கார்டுகளில் பெரும்பாலானவை ஸ்லாட்டின் 75 வாட்டை முழுவதும் எடுப்பதில்லை. சுமையை எட்டுப் பின் மேலேயே போடுகின்றன. ஆகவே 170 வாட் கார்டில் 120 வாட்டுக்கு மேல் அந்த அடாப்டர் வழியாக ஓடக்கூடும். 54 வாட்டுக்கு வகுத்த பின்களில் இருமடங்குக்கும் மேல் ஓடினால் பின் சூடாகும், சூட்டில் பிளாஸ்டிக் இளகும், இளகியதும் பின்கள் தளர்ந்து தொடர்பு மோசமாகி இன்னும் சூடாகும். கருகிய வாடை வரும்போது ஏற்கெனவே உருகத் தொடங்கியிருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று இதைத் தடுக்காது. அதன் கணக்கில் 10 ஆம்பியர் என்பது சாதாரணச் சுமை.

நான்கு பின் மோலக்ஸிலிருந்து மாற்றும் அடாப்டர் இதைவிடத் தடிமனான பின்களைக் கொண்டது என்பது உண்மை. ஆனாலும் அதில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு பின்தான் இருக்கிறது, பழைய மோலக்ஸ் பின்கள் தளர்ந்தே இருக்கும், அடாப்டரின் இரண்டு முனைகளையும் பெரும்பாலும் ஒரே வயரில்தான் சொருக நேர்கிறது. இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஒரு தயாரிப்பாளர் தன் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான கேபிளே வைக்கவில்லை என்றால், அது கார்டைச் சுமக்கும் என்று அவரே எண்ணவில்லை என்று பொருள். அடாப்டர் போட்டு அந்தத் தீர்ப்பை மாற்ற முடியாது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள், அல்லது தனி மின் கனெக்டரே கேட்காமல் ஸ்லாட்டிலிருந்து மட்டும் எடுக்கும் கார்டுக்குப் போங்கள். 6 ஜிபி மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050 அப்படிப்பட்டது. அதன் தேவை 70 வாட்.

கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ். கார்டு கேபிள் தொலைந்துவிட்டது. நண்பரிடம் வேறு பிராண்டின் கேபிள் இருக்கிறது, முனை பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. கார்டுப் பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் கிரவுண்டு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்கூட அது மாறலாம். முனை கச்சிதமாகப் பொருந்துவது எதையும் உறுதி செய்வதில்லை. பொருந்திய பிறகு கிரவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் கார்டு அந்த நொடியே போய்விடும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் மாடல் பெயரைச் சொல்லி, அதற்கே உரிய கேபிளைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்குங்கள்.

நான் பார்க்கும் கார்டில் சின்னச் சின்னப் பின்களாகப் பன்னிரண்டு இருக்கின்றன. கூடவே ஒரு அடாப்டரும் தருகிறார்கள். அதைப் பற்றி?

அது 600 வாட் வரை தர வகுக்கப்பட்ட புதிய கனெக்டர். பன்னிரண்டு மின்பின்களுக்கு மேலே நான்கு நுண்ணிய பின்கள் இருக்கும். எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் தர முடியும் என்று கார்டுக்குச் சொல்வது அவற்றின் வேலை. கார்டோடு வரும் அடாப்டரில் இரண்டு எட்டுப் பின்கள் இருந்தால் 300 வாட், மூன்று இருந்தால் 450 வாட். ஆர்டிஎக்ஸ் 5070 போன்ற 250 வாட் கார்டுக்கு இரண்டு போதும். இரண்டையும் இரண்டு தனிக் கேபிள்களிலிருந்து கொடுங்கள்.

இந்தக் கனெக்டரில் உருகிய சம்பவங்கள் 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது பரவலாகப் பேசப்பட்டன. முழுவதும் உள்ளே போகாமல் நின்ற கனெக்டர் அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. பிறகு நுண்பின்களைக் குட்டையாக்கி, சரியாகச் சொருகாவிட்டால் கார்டு மின்சாரம் எடுக்காதபடி வடிவத்தைத் திருத்தினார்கள். எப்படியிருந்தாலும் சொருகிய பின் டார்ச் அடித்து, கனெக்டருக்கும் கார்டின் வாய்க்கும் இடையே இடுக்கு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு வயரை அழுத்தி, கனெக்டரை ஒட்டியே மடங்க வைத்தால் அந்தக் கேபினெட் அந்தக் கார்டுக்கு ஏற்றதல்ல. வளைவு தொடங்கும் முன் மூன்றரை சென்டிமீட்டராவது வயர் நேராக வர வேண்டும்.

சென்னை வெயில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாதிக்குமா?

பாதிக்கும். லேபிளில் எழுதியிருக்கும் வாட் எந்த வெப்பநிலையில் தரப்படும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல தயாரிப்புகள் 40 அல்லது 50 டிகிரியில் முழு வாட்டையும் தருவதாகச் சொல்கின்றன. மலிவானவற்றில் பல 25 டிகிரிக்குத்தான் உறுதி சொல்கின்றன, அல்லது எதுவுமே சொல்வதில்லை. கத்திரி வெயில் நாளில் ஏசி இல்லாத அறை 36 டிகிரியில் இருக்கும்போது, கேபினெட்டுக்குள் கார்டு வெளியேற்றும் சூட்டோடு சேர்ந்து 45 டிகிரியை எளிதாகத் தொடும். எஸ்எம்பிஎஸ் கேபினெட்டின் மேல்பகுதியில் இருக்கும் பழைய வடிவம் என்றால் அந்தச் சூடான காற்றைத்தான் அது உள்ளே இழுக்கும். கீழே இருந்தால் வெளிக்காற்றை இழுக்கும். ஆனால் அதன் தூசி வலை பல வீடுகளில் அடைத்துக்கொண்டே கிடக்கும்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் மெல்ல வற்றுகின்றன. வற்ற வற்ற, நான் மேலே சொன்ன மில்லி நொடிக் குத்துகளைச் சமாளிக்கும் திறன்தான் முதலில் குறைகிறது. எனவே வாரண்டி முடிந்த எஸ்எம்பிஎஸ் பழைய சுமையைப் பிரச்சினையில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தாலும், புதிய கார்டைச் சுமக்கும் என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது. திறந்து மின்தேக்கிகளைப் பார்க்கலாமே என்று தயவுசெய்து முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கார்டு போட்ட பிறகு வீட்டு யுபிஎஸ் தாங்குமா?

கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தரும். எஸ்எம்பிஎஸ் வெளியே தரும் வாட்டைவிடச் சுவரிலிருந்து அது எடுக்கும் வாட் அதிகம். நம் உதாரணத்தில் விளையாடும்போது 12 வோல்ட்டில் 265, மற்றவற்றில் கொஞ்சம் சேர்த்து 275 வாட் என்று வைத்து, 85 சதவீதத் திறனால் வகுத்தால் 324 வாட். மானிட்டருக்கு 25 சேர்த்தால் 349. அதாவது யுபிஎஸ்ஸின் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மின்வெட்டு வரும் கணத்தில் கணினி மொத்தமாக அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் ஓடும் கணினி என்றால், மின்காரணித் திருத்தம் உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கூட மாறும் நேரத்தில் அணைந்துபோகக்கூடும். அங்கே சைன் அலை தரும் யுபிஎஸ்தான் தீர்வு.

எல்லாம் போட்டாயிற்று. எஸ்எம்பிஎஸ் திணறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் நாளே சோதித்துவிடுங்கள். கடைக்காரர் மாற்றித் தரும் காலத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். HWiNFO64-ஐத் திறந்து வைத்து, வழக்கமாக விளையாடும் கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். கார்டின் பகுதியில் எட்டுப் பின் உள்ளீட்டு வோல்ட்டேஜ் காட்டப்பட்டால் அதன் குறைந்தபட்ச எண்ணைப் பாருங்கள். 11.4-க்குக் கீழே போகவே கூடாது. சும்மா இருக்கும்போது 12.1 காட்டியது விளையாடும்போது 11.5 என்று இறங்கினால் எல்லைக்குள் இருந்தாலும் நான் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மதர்போர்டு தன் பங்குக்குக் காட்டும் 12 வோல்ட் எண்ணை அவ்வளவாக நம்ப வேண்டாம். அது அடிக்கடி தவறாக இருக்கும். சோதனை முடிந்து கணினியை அணைத்ததும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பு. விரல் வைக்க முடியாத சூடு இயல்பல்ல.

எஸ்எம்பிஎஸ் கோளாறுக்கும் டிரைவர் கோளாறுக்கும் அறிகுறிகள் வேறு. திரை மட்டும் கறுத்து, விளையாட்டின் சத்தம் தொடர்ந்து கேட்டு, சில நொடிகளில் டெஸ்க்டாப் திரும்பினால் பெரும்பாலும் டிரைவர். நீலத் திரை எதுவும் வராமல் கணினி மொத்தமும் ஒரே நொடியில் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும், பவர் பொத்தானை அழுத்தியும் உயிர் வராமல், சுவர் சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்ட பிறகே வந்தால், பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டது என்று உறுதியாகவே சொல்லலாம். விண்டோஸின் Event Viewer-இல் Kernel-Power 41 என்ற பதிவு இருக்கும். அதன் விவரத்தில் BugcheckCode 0 என்றிருந்தால், விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்கக்கூட அவகாசம் இல்லாமல் மின்சாரம் போயிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அணைந்துவிடுகிறது. புதிய எஸ்எம்பிஎஸ் வாங்க அடுத்த மாதம்தான் முடியும். அதுவரை என்ன செய்வது?

கார்டின் மின்வரம்பைக் குறைத்து ஓட்டலாம். நிர்வாகி உரிமையோடு கமாண்டு பிராம்ப்ட்டைத் திறந்து, முதல் கட்டளையால் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வரம்பைப் பார்த்துவிட்டு, இரண்டாவதால் வரம்பை வையுங்கள்.

```
nvidia-smi -q -d POWER
nvidia-smi -pl 130
```

170 வாட் கார்டை 130-க்கு இறக்கினால் விளையாட்டின் வேகம் ஓரளவு குறையும், ஆனால் 12 வோல்ட் சுமை 265-இலிருந்து 225-க்கு இறங்கும். 300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அது சரியாக 75 சதவீதம். கணினியை அணைத்துப் போட்டால் வரம்பு பழைய இடத்துக்கே போய்விடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். வரம்பு வைப்பது சராசரியைத்தான் குறைக்கிறது. மில்லி நொடிக் குத்துகள் சிறிதானாலும் முழுவதும் மறைவதில்லை. எனவே 130-இலும் அணைந்தால் மேலும் குறைத்துக்கொண்டே போகாமல், கார்டைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஐ5-12400எஃப்-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால், முன்பு ஓடிக்கொண்டிருந்த பழைய கார்டை அதுவரை விற்றுவிடாமல் இருப்பது நல்லது.